ஸ்வீப்பா, ரிவர்ஸ் ஸ்வீப்பா: எதுல அவுட் ஆனா திட்டு கம்மி?

கொளத்தூர்_கார்த்தி
வார இறுதி லீக்ல நாலாவது இறங்குறேன், வலது கை. போன வாரம் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னருக்கு ரிவர்ஸ் ஸ்வீப் ஆடி பவுல்டு. மேட்ச் முடியற வரைக்கும் கேப்டன் திட்டினாரு. அதுக்கு முந்தின வாரம் எங்க ஓப்பனர் சாதா ஸ்வீப் ஆடி டாப் எட்ஜ்ல போனப்ப, "பரவால்லடா, நல்ல ஐடியா"ன்னாரு. நிஜமாவே எதுல ரிஸ்க் அதிகம்? இல்ல, பார்க்க கோணலா இருக்குன்னுதான் திட்டு விழுதா?

பழைய_பந்து
தம்பி, உங்கள் கேப்டன் சொன்னது சரி. 1987 நவம்பர் 8, ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியா 253. இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 135, மைக் கேட்டிங் 41 ரன்னில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார். ஆலன் பார்டர் தானே பந்தை எடுத்துக்கொண்டு வருகிறார். அவர் முழுநேர பந்து வீச்சாளரும் அல்ல. முதல் பந்து. கேட்டிங் மட்டையைத் திருப்பினார், பந்து மேல்விளிம்பில் பட்டு அவர் தோளில் மோதி எழும்பியது, கீப்பர் கிரெக் டயர் பிடித்துவிட்டார். இங்கிலாந்து தோற்றது 7 ரன்னில். அந்த ஒரு பந்தை வானொலியில் கேட்டவன் நான். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

சுழல்வீதி
வந்துட்டாரு 1987. ஐயா, ஒரு அவுட்டை வச்சு ஒரு ஷாட்டையே தள்ளி வைக்கலாமா? 2024 ஜனவரி ஹைதராபாத் பாருங்க. இங்கிலாந்து 190 ரன் பின்னாடி. அஷ்வின், ஜடேஜா, அக்சர் மூணு பேரும் போடுறாங்க. ஒல்லி போப் ரிவர்ஸ் ஸ்வீப் ஆடி ஆடியே 196. இங்கிலாந்து 28 ரன்ல ஜெயிச்சுது. ரிவர்ஸ் ஸ்வீப் இல்லாம அந்த மேட்ச் மூணாவது நாளே முடிஞ்சிருக்கும்.

கார்த்தி, இதுல விதி ரொம்ப சிம்பிள். பந்து திரும்புற பக்கமே அடிச்சா சேஃப், எதிர்ப் பக்கம் அடிச்சா ரிஸ்க். வலது கை ஆட்டக்காரனுக்கு ஆஃப் ஸ்பின் உள்ள வரும், அதுக்கு ஸ்வீப். லெஃப்ட் ஆர்ம், லெக் ஸ்பின் வெளிய போகும், அதுக்கு ரிவர்ஸ். உன் ஷாட் கரெக்ட். உன் கேப்டனுக்குத்தான் கிளாஸ் எடுக்கணும்.

பழைய_பந்து
போப் 110-இல் இருந்தபோது ஜடேஜா பந்தில் இதே ரிவர்ஸ் ஸ்வீப் ஆடி பாயிண்ட் பக்கம் கொடுத்த கேட்சை அக்சர் கோட்டைவிட்டாரே, அதை ஏன் சொல்லவில்லை? பிடித்திருந்தால் நீங்களும் என் கட்சியில்தான் இருந்திருப்பீர்கள்.

இன்னொன்று. திரும்பும் பக்கமே அடித்தால் பாதுகாப்பு என்கிறீர்கள். பார்டர் இடது கை சுழல், கேட்டிங் வலது கை. உங்கள் விதிப்படி அது "சேஃப்" ஷாட்!

சிக்ஸர்_சிவா
2007ல மிஸ்பா இதே மாதிரி ஆடித்தானே ஸ்ரீசாந்த்கிட்ட கேட்ச் குடுத்தாரு. நமக்கு கப் வாங்கிக் குடுத்ததே அந்த ஷாட். நான் ரிவர்ஸ் ஸ்வீப் ரசிகன் 😂

சேப்பாக்கம்_டி_ஸ்டாண்ட்
@சிக்ஸர்_சிவா அது ஸ்கூப் சாமி. போட்டவர் ஜோகிந்தர் சர்மா, மீடியம் பேஸ். இங்க பேச்சு ஸ்பின்.

என் பங்குக்கு ஒண்ணு. 2001 மார்ச், சேப்பாக்கம் டெஸ்ட், நான் ஸ்டாண்ட்ல இருந்தேன். மேத்யூ ஹெய்டன் 203. ஹர்பஜனை முட்டி போட்டு முட்டி போட்டு ஸ்வீப். ஹெய்டன் இடது கை, ஹர்பஜன் ஆஃப் ஸ்பின், பந்து அவருக்கு வெளிய போகுது. அதாவது ஒவ்வொரு ஸ்வீப்பும் திரும்புறதுக்கு எதிர்ப் பக்கம். அந்த மேட்ச்ல ஹர்பஜன் எடுத்தது 15 விக்கெட், அப்படிப்பட்ட பவுலிங். சுழல்வீதி சொல்ற விதிப்படி ஹெய்டன் இருபது ரன் தாண்டியிருக்கக் கூடாது. அந்த சீரிஸ்ல மூணு டெஸ்ட்ல 549 ரன் அடிச்சாரு மனுஷன்.

அதே இன்னிங்ஸ்ல ஒரு கூத்தும் நடந்துச்சு. ஸ்டீவ் வா ஹர்பஜனை ஸ்வீப் ஆடப் போய் மிஸ், கால் பேட்ல பட்டுச்சு. நம்ம ஆளுங்க எல்பி கேட்டுக் கத்துறாங்க. அந்த நேரம் பந்து எகிறி ஸ்டம்ப் பக்கம் திரும்பி வருது. பதறிப் போய் கையால தள்ளிவிட்டாரு. ஹேண்டில்டு த பால், அவுட்! 3 விக்கெட்டுக்கு 340ல இருந்தவங்க 391ல ஆல் அவுட். ஸ்வீப்ல எத்தனை விதமா அவுட் ஆகலாம்னு கணக்குப் போடுறவங்க இதையும் சேர்த்துக்கோங்க.

ஆஃப்ஸ்பின்_அக்கா
பதினோரு வருஷம் ஆஃப் ஸ்பின் போட்டேன், இப்போ பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். பவுலர் பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

எல்லாரும் பந்து எந்தப் பக்கம் திரும்புதுன்னே பேசிட்டு இருக்கீங்க. ஸ்வீப் ஆடுறவனைப் பார்த்தா நான் யோசிக்கிறது அது இல்ல. பந்து எவ்வளவு எழும்புது, அதுதான்.

மட்டையை நேரா வச்சுத் தடுக்கிறவனுக்குப் பக்கவாட்டுல 10.8 சென்டிமீட்டர்தான் இருக்கு. மட்டையோட அகலத்துக்கு விதியே அவ்வளவுதான் விடுது. பந்து குத்தின இடத்துலேர்ந்து ரெண்டு மீட்டர் தள்ளி அவன் ஆடுறான், பந்து 5 டிகிரி திரும்புதுன்னு வச்சுக்கோங்க. மட்டைக்கு வரும்போது 17 சென்டிமீட்டர் விலகியிருக்கும். நடு மட்டைக்கு வரவேண்டியது விளிம்பைத் தாண்டிப் போயிடும். ஆனா உயரம் அவனுக்குப் பிரச்சனையே இல்ல. பந்து முட்டிக்கு வந்தாலும் தொடைக்கு வந்தாலும் மட்டை அங்க இருக்கு.

ஸ்வீப்ல இது அப்படியே தலைகீழ். மட்டை படுத்துக் கிடக்கு. பக்கவாட்டுல அதோட நீளம் முழுக்க உங்களுக்கு. அதோட நீங்க முன்னாடி நீட்டிப் போறதால குத்தின இடத்துலேர்ந்து அறுபது சென்டிமீட்டர்லயே பந்தைப் பிடிச்சிடுறீங்க. அதே 5 டிகிரி இப்போ 5 சென்டிமீட்டர்தான். அதனாலதான் ஹெய்டனுக்கு எதிர்த் திருப்பம் ஒரு பொருட்டாவே இல்ல. ஆனா உயரத்துக்கு இப்போ உங்ககிட்ட இருக்கிறது அந்த 10.8 சென்டிமீட்டர் மட்டும்தான். ஒரு பந்து 20 டிகிரியில எழும்பி அடுத்தது 10 டிகிரியில சறுக்கினா, அந்த அறுபது சென்டிமீட்டர்லயே 11 சென்டிமீட்டர் வித்தியாசம். மட்டை முழுசா காலி. எழும்பினா டாப் எட்ஜ், சறுக்கினா மட்டைக்குக் கீழ பூந்து பேட் இல்லன்னா ஸ்டம்ப்.

டிகிரியெல்லாம் தோராயம்தான், புரியறதுக்காகச் சொன்னேன். விஷயம் இதுதான்: ஸ்வீப் ஆடும்போது திருப்பத்தைக் குடுத்துட்டு எழும்பலை வாங்கிக்கிறீங்க. அது சாதா ஸ்வீப்புக்கும் பொருந்தும், ரிவர்ஸுக்கும் பொருந்தும். மொத ரிஸ்க் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

சுழல்வீதி
அக்கா, அப்போ திரும்புற பக்கம்ங்கிறதுக்கு அர்த்தமே இல்லையா? ரூட் மேட்டர் என்ன? 2021 பிப்ரவரி சேப்பாக்கம், மொத டெஸ்ட்ல ஸ்வீப் ஆடி 218. அடுத்த டெஸ்ட்ல அக்சர் பந்துல ஸ்வீப், டாப் எட்ஜ், ஷார்ட் ஃபைன் லெக்ல அஷ்வின் கேட்ச். அக்சரோட மொத டெஸ்ட் விக்கெட்டே அது. வெளிய திரும்புற பந்து, அதை எதிர்ப் பக்கம் இழுத்தாரு. என் விதி இங்க சரியாத்தானே வருது?

ஆஃப்ஸ்பின்_அக்கா
பாதி சரி. எதிர்ப் பக்கம் இழுக்கும்போது மட்டையோட முகம் பந்துக்கு நேரா இருக்காது, கொஞ்சம் தப்பினாலும் விளிம்புல படும். அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ரூட் டாப் எட்ஜ் ஆனது பந்து அவர் நினைச்சதைவிட எழும்பினதால. திருப்பம் மட்டும்னா மட்டையோட அடிப்பக்கமோ நுனியோ பட்டு உருண்டிருக்கும், மேல போயிருக்காது.

அதே ரெண்டாவது டெஸ்ட்ல ரோஹித் ஸ்வீப் ஆடித்தான் 161 அடிச்சாரு. பல வருஷமா ஸ்வீப் பக்கமே போகாத அஷ்வின் ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஸ்வீப்பை எடுத்துக்கிட்டு 106. அந்தப் பிட்ச்ல திருப்பம் பயங்கரம், ஊரே பேசுச்சு. ஆனா எழும்பல் பெரும்பாலும் ஒரே சீரா இருந்துச்சு. அதான் ஸ்வீப் எடுபட்டுச்சு.

சேப்பாக்கம்_டி_ஸ்டாண்ட்
அந்த டெஸ்டுக்குத்தான் கொரோனாவுக்கு அப்புறம் பாதி கூட்டத்தை உள்ள விட்டாங்க. அஷ்வின் ஒவ்வொரு ஸ்வீப் ஆடும்போதும் பக்கத்துல இருந்த பெரியவர் "வேணாம்ப்பா வேணாம்ப்பா"ன்னு கண்ணை மூடிக்குவாரு. நாலு போன சத்தம் கேட்டு கண்ணைத் திறப்பாரு. @பழைய_பந்து, அது நீங்க இல்லையே?

பழைய_பந்து
நான் இல்லை. நான் கண்ணை மூடமாட்டேன்.

அம்மா, நீங்கள் சொன்ன எழும்பல் கணக்கு எனக்குப் புரிந்தது, ஏற்கிறேன். அது ரிவர்ஸ் ஸ்வீப்புக்கு வக்காலத்து ஆகாது. கேட்டிங் விஷயத்துக்கே வருவோம். அதற்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 5, வான்கடேயில் அரையிறுதி. இதே இங்கிலாந்து நம்மை அடித்தது ஸ்வீப்பால்தான். மணீந்தர் சிங், ரவி சாஸ்திரி இருவரும் இடது கைச் சுழல். கூச் அவர்களை ஸ்வீப் செய்தே 115, கேட்டிங் 56. நாம் 35 ரன்னில் தோற்றோம். கபில் தேவ் அடித்த பந்தைப் பிடித்ததும் அதே கேட்டிங்தான், அந்த வயிற்றெரிச்சல் தனி. சாதா ஸ்வீப் அவரை இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்தது, ரிவர்ஸ் வீட்டுக்கு அனுப்பியது. ஒரே ஆள், மூன்று நாள் இடைவெளி. இரண்டுக்கும் ஆபத்து ஒன்றுதான் என்றால் இது எப்படி?

ஆஃப்ஸ்பின்_அக்கா
சார், மொத ரிஸ்க் ஒண்ணுன்னுதான் சொன்னேன். ரிவர்ஸுக்கு மேல ரெண்டு ரிஸ்க் கூடுதலா இருக்கு.

ஒண்ணு, மணிக்கட்டு. சாதா ஸ்வீப்ல மட்டை மேலேர்ந்து கீழ வரும், பந்தைத் தொட்டதும் மணிக்கட்டைச் சுருட்டித் தரையோட அனுப்பிடலாம். ரிவர்ஸ்ல கை குறுக்க இருக்கு, அந்தச் சுருட்டு சுலபத்துல வராது. அதனால நல்லாப் பட்ட ரிவர்ஸ்கூட இடுப்பு உயரத்துல பறக்கும். 2023 டெல்லி டெஸ்ட், மொத இன்னிங்ஸ்ல கவாஜா 81ல இருந்தாரு. ஜடேஜாவை ரிவர்ஸ் ஆடினாரு, கெட்டியாத்தான் பட்டுச்சு. பாயிண்ட்ல ராகுல் வலது பக்கம் பாய்ஞ்சு ஒத்தைக் கையில பிடிச்சிட்டாரு. ஜடேஜாவோட 250ஆவது விக்கெட். அது தப்பான அடி இல்ல, கை அமைப்பே அப்படி.

ரெண்டாவது, முன்கூட்டியே முடிவு பண்றது. சாதா ஸ்வீப்பை லைன், லெந்த் பார்த்துட்டு கடைசி நேரத்துல வேணாம்னு விட்டுடலாம், தடுத்துக்கலாம். ரிவர்ஸ்ல கை மாற ஆரம்பிச்சிட்டா திரும்பி வர முடியாது. பார்டர் அந்த மொத பந்தை லெக் ஸ்டம்ப் பக்கம் போட்டாரு. ரிவர்ஸ் ஆட அது வசதியான இடமே இல்ல, உடம்புக்குள்ள வருது. கேட்டிங் முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு, அதான் தோள்ல பட்டுச்சு. நாங்க பவுலருங்க அதுக்குத்தான் காத்துட்டு இருப்போம். கை மாறுறது கண்ணுல பட்டா வேகமா, ஃபுல்லா, உடம்புக்கு நேரா ஒண்ணு. அவ்வளவுதான்.

யாழ்_காற்று
வணக்கம். கொஞ்சம் பிந்தித்தான் வாசிச்சன். அக்கா சொன்னது எங்கட அனுபவத்தோடை சரியா ஒத்துப்போகுது. நாங்கள் பள்ளிக்கூடக் காலத்தில மெட்டிங்கில விளையாடினனாங்கள். மெட்டிங்கில பந்து நல்லா எழும்பும், அதுவும் ஒரே மாதிரி எழும்பும். எங்கட மாஸ்டர் ஸ்வீப் அடிச்சா மைதானத்தைச் சுத்தி ஓட விடுவார். ஏனெண்டா அங்க ஸ்வீப் எண்டாலே மேல்விளிம்பு. பிறகு புல் பிட்சுக்கு வந்தாப்பிறகு எல்லாரும் ஸ்வீப் அடிக்கினம், நான் மட்டும் பின்காலில நிண்டு தடுத்துக்கொண்டு நிப்பன். அந்தப் பயம் இண்டைக்கும் போகேல்லை.

ஒரு விசயம் கேக்க வேணும். அலெக்ஸ் கேரி 2025இல காலியில 156 அடிச்சவர். ஸ்வீப், ரிவர்ஸ் எல்லாம் கலந்து எங்கட பிரபாத் ஜயசூரியாவை ஒரு வழி பண்ணிப்போட்டார். ஆனா 2023இல இந்தியாவில அதே ஆள் ரிவர்ஸ் அடிச்சு ஸ்டம்பைத்தான் குடுத்தவர். அது காலிப் பிட்சாலயோ, கேரி திருந்தினதாலயோ?

சுழல்வீதி
பிட்ச்தான். நாக்பூர்ல கேரி 33 பந்துல 36, அதுல அஷ்வினை ரிவர்ஸ்லயே சாத்தினாரு. அப்புறம் அதே ஷாட்ல பந்து மட்டையில பட்டு ஸ்டம்ப்ல, அஷ்வினுக்கு 450ஆவது விக்கெட். டெல்லியில ஜடேஜா பந்துல கிளீன் பவுல்டு. கேரி இடது கை. அவருக்கு அஷ்வின் பந்து வெளிய போகும், ரிவர்ஸ் திரும்புற பக்கம், அதான் 36. ஜடேஜா பந்து உள்ள வரும், ரிவர்ஸ் எதிர்ப் பக்கம், அதான் 7. நான் மொதல்லயே சொன்னேன்!

ஆஃப்ஸ்பின்_அக்கா
36ல அவுட் ஆனதும் அதே "சரியான பக்க" ரிவர்ஸ்லதானே தம்பி. உன் உதாரணமே உன்னைக் கவுத்துடுச்சு பாரு.

டெல்லி மூணாவது நாள் காலையைக் கொஞ்சம் நிதானமா பாருங்க, மொத்தப் பாடமும் அங்க இருக்கு. பிப்ரவரி 19. ஆஸ்திரேலியா 1 விக்கெட்டுக்கு 61ன்னு ஆரம்பிச்சாங்க. 113ல முடிஞ்சுது. 9 விக்கெட் 52 ரன்னுக்கு. ஜடேஜா 42 ரன்னுக்கு 7. ஸ்மித் அஷ்வினை ஸ்வீப் ஆடி எல்பி. ரென்ஷாவும் அதே மாதிரி. கம்மின்ஸ் வந்த மொத பந்துலயே ஜடேஜாவை முட்டி போட்டு இழுத்து பவுல்டு. கேரி ரிவர்ஸ், பவுல்டு. கூனமன் ரிவர்ஸ், பவுல்டு. ஜடேஜாவோட 7ல 5 பவுல்டு.

சாதா ஸ்வீப்பும் போச்சு, ரிவர்ஸும் போச்சு. திரும்புற பக்கம், எதிர்ப் பக்கம் எல்லாமே போச்சு. காரணம் ஒண்ணுதான், பந்து எழும்பல. ஜடேஜா வேகமா, தட்டையா, ஸ்டம்புக்கு நேரா போடுறவரு. அந்த வேகத்துல முட்டிக்குக் கீழ சறுக்கினா, படுத்த மட்டைக்கு அடியில பூந்துடும். மிஸ் ஆன எதுவும் ஸ்டம்பைத் தாண்டிப் போகல. அதே பிட்ச்ல மொத நாள் கவாஜா இதே ஷாட்டுகளை ஆடித்தான் 81 எடுத்தாரு. அன்னிக்குப் பந்து ஒழுங்கா எழும்புச்சு.

யாழ் தம்பி, காலி விஷயத்துல ரெண்டும் கலந்துதான் இருக்கும்னு தோணுது. கேரியும் ரெண்டு வருஷத்துல சும்மா இருந்திருக்கமாட்டாரு.

பழைய_பந்து
அதே காலையில் லபுஷேன் பின்காலில் போய் நேர் மட்டையோடு தடுக்கப் பார்த்தார். அவரும் ஜடேஜாவிடம் பவுல்டு, பந்து தாழ்ந்தது. ஆக ஸ்வீப் ஆடாதவனும் பிழைக்கவில்லை. உங்கள் வாதத்துக்கு இது கொஞ்சம் இடிக்கிறதே அம்மா?

ஆஃப்ஸ்பின்_அக்கா
இடிக்குது சார். ஒத்துக்கிறேன். தாழ்ந்து வர்ற பிட்ச்ல பின்கால் அதைவிடப் பெரிய ரிஸ்க், அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. முன்னாடி காலை நீட்டி நேர் மட்டையில ஆடினவன் நாலு ஓவர் அதிகம் தாக்குப் பிடிச்சிருப்பான்னு நினைக்கிறேன். ஆனா ரன் எங்கேர்ந்து வரும்னு கேட்டா தெரியாது.

கொளத்தூர்_கார்த்தி
சண்டை நல்லா போகுது, ஆனா என் விக்கெட்டை எல்லாரும் மறந்துட்டீங்க 🙂 முழுசா சொல்றேன். லெஃப்ட் ஆர்ம், ஓவர் த விக்கெட் போட்டான். லெக் ஸ்டம்புக்கு வெளிய காலடித் தடத்துல குத்தி ஸ்டம்ப் பக்கம் வந்துட்டு இருந்துச்சு. நாலு ஓவரா பேடைக் காட்டியே நின்னேன். ரன்னே இல்ல. லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்துது, எல்பி கிடையாது, தைரியமா ரிவர்ஸ் ஆடலாம்னு ஆடினேன். கொஞ்சம் தாழ்ந்துச்சு. லெக் ஸ்டம்ப் அடியில போய் பட்டுச்சு.

சிக்ஸர்_சிவா
ரிவர்ஸ் ஆடினா நீ லெஃப்ட் ஹேண்டர் ஆயிடுற ப்ரோ. லெக் சைடு ஆஃப் சைடு ஆயிடும். எல்பியும் குடுப்பாங்க.

ஆஃப்ஸ்பின்_அக்கா
இல்ல சிவா. பவுலர் ஓடி வர ஆரம்பிச்சு பந்து ஆட்டத்துக்கு வர்ற நொடியில நீ எப்படி நிக்கிறியோ, அதை வச்சுத்தான் ஆஃப், லெக். அதுக்கப்புறம் நீ குட்டிக்கரணம் போட்டாலும் மாறாது. 2008ல பீட்டர்சன் மொத்தமா மாறி நின்னு நியூசிலாந்தை சிக்ஸ் அடிச்சப்ப இதே பஞ்சாயத்து நடந்துச்சு. எம்சிசி அந்த ஷாட் செல்லும்னு சொல்லிட்டாங்க. பவுலரா எனக்கு அதுல இன்னும் கோவம்தான், அது வேற கதை.

கார்த்தி, உன் கணக்கு சரி, கால்தான் தப்பு. எல்பி இல்லைங்கிறது உண்மை. ஆனா பவுல்டுக்கு அந்தச் சலுகை கிடையாதே! ரிவர்ஸ் ஆடும்போது கை வீச இடம் வேணும்னு நிறையப் பேர் முன்காலை ஆஃப் ஸ்டம்ப் பக்கம் தள்ளி வைப்பாங்க. உன் லெக் ஸ்டம்ப் திறந்து கிடந்திருக்கும். முன்காலைப் பந்து வர்ற கோட்டுலயே வச்சிருந்தா, மட்டையில மிஸ் ஆனாலும் பேட்ல பட்டிருக்கும். லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்தினது, அதனால நாட் அவுட். ரெண்டாவது காவல் இலவசமா கிடைச்சுது, நீ வேணாம்னுட்டே.

அந்த இடத்துல சாதா ஸ்வீப் ஆடியிருந்தா? பந்து வெளிய திரும்புது, நீ எதிர்ப் பக்கம் இழுக்கிற. தடத்துல குத்தி ஒண்ணு எழும்பினா உங்க ஓப்பனர் மாதிரி டாப் எட்ஜ். அதனால நீ ரிவர்ஸைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லன்னுதான் சொல்வேன். அந்த லைனுக்கு எதிரா ரிவர்ஸ்தான் ரன் எடுக்க வழி. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. ஃபீல்டிங் விதிப்படி லெக் சைடுல ஸ்கொயருக்குப் பின்னால கீப்பரைத் தவிர ரெண்டு பேர்தான் நிக்கலாம். ஆஃப் சைடுல அப்படி வரம்பே இல்ல. சாதா ஸ்வீப்புக்கு ஆள் நிறுத்தி அடைக்க முடியாது, ரிவர்ஸை அடைச்சிடலாம். ஒரு நாலு போனதும் பாயிண்டுக்குப் பின்னால ஒரு ஆள் வந்து நிப்பான். அப்போ நிறுத்திடு. அவன் எங்கேர்ந்து வந்தானோ அங்க ஒத்தை ரன் கிடைக்கும்.

யாழ்_காற்று
பிட்ச் எழும்புதோ தாழுதோ எண்டு உள்ள போக முந்தி எப்பிடிப் பிடிக்கிறது அக்கா? ரீவியில பாக்கிறவைக்குத் தெரியும், வெளியில குந்தியிருக்கிற எங்களுக்கு?

ஆஃப்ஸ்பின்_அக்கா
கீப்பரோட கையைப் பாரு. ஸ்பின்னுக்கு ஸ்டம்ப் பக்கத்துல நிக்கிறவரு, மட்டையில படாத பந்தை இடுப்புல பிடிக்கிறாரா, கணுக்கால்ல பிடிக்கிறாரா. ஒரே பவுலர், ஒரே லெந்த், ரெண்டு பந்துக்கு ரெண்டு உயரத்துல கை போகுதுன்னா ஸ்வீப்பைக் கிட்பேக்லயே விட்டுட்டு வா. எப்பவுமே இடுப்புக்கு வருதுன்னா, ஃபுல்லா விழுற பந்தை மட்டும் ஸ்வீப் ஆடு, லெந்த் பந்தைத் தொடாதே. முட்டிக்குக் கொஞ்சம் மேல சீரா வருதுன்னா, அது ஸ்வீப் ஆடுற பிட்ச்.

அவுட் ஆனவனும் சொல்லிக் குடுப்பான். டாப் எட்ஜ்னா லெந்தைத் தப்பாப் பார்த்திருக்கான், நினைச்சதைவிட ஷார்ட். பேட்ல, ஸ்டம்ப்லன்னா தாழ்ந்திருக்கு, இல்ல தலை ஆஃப் பக்கம் சாஞ்சிருக்கு.

பழைய_பந்து
தம்பி கார்த்தி, நாலு ஓவர் பேடைக் காட்டினீர்களே, ஐந்தாவது ஓவரும் காட்டியிருக்கலாம். அவனுக்கும் கை வலிக்கும். எங்கள் காலத்தில் அதையும் ஆட்டம் என்றே சொல்வோம்.

சுழல்வீதி
30 ஓவர் மேட்ச் ஐயா. அவன் கை வலிக்கிறதுக்குள்ள இன்னிங்ஸ் முடிஞ்சிடும்.

சேப்பாக்கம்_டி_ஸ்டாண்ட்
திட்டு மேட்டருக்கு யாரும் பதில் சொல்லலையே. ஸ்வீப்ல போனா "முயற்சி", ரிவர்ஸ்ல போனா "திமிர்". ஸ்டாண்ட்ல உக்காந்து பார்க்கிற நாங்களே அப்படித்தான் கத்துவோம். ரோஹித் அந்த 161ல லீச்சை இழுத்து டீப்ல மொயீன்கிட்ட கேட்ச் குடுத்தாரு, எழுந்து நின்னு கை தட்டினோம். ரிவர்ஸ்ல போயிருந்தா தட்டியிருப்போமா தெரியல.

கொளத்தூர்_கார்த்தி
ஞாயிறு அப்டேட். கீப்பர் கையைப் பார்த்தேன், எல்லாமே முட்டிக்கு மேல. அதே மாதிரி ஒரு லெஃப்ட் ஆர்ம், ஓவர் த விக்கெட். முன்காலைக் கோட்டுல வச்சு ரெண்டு ரிவர்ஸ், ஒண்ணு நாலு, ஒண்ணு பேட்ல பட்டு எல்பி கேட்டாங்க, நாட் அவுட். பாயிண்டுக்குப் பின்னால ஆள் வந்தான், நிறுத்திட்டேன். 31 அடிச்சேன். அப்புறம் ஆஃப் ஸ்பின்னரை நேரா டிரைவ் பண்ணி மிட் ஆஃப் கையில குடுத்துட்டு வந்தேன்.

கேப்டன் ஒண்ணுமே சொல்லல.

பழைய_பந்து
அந்த எல்பி கேட்ட பந்து எங்கே குத்தியது என்று அம்பயர் சரியாகப் பார்த்தாரா?